பாதிக்குக் கொஞ்சம் மேலே

அந்தப் பங்குத் தரகு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் வரைபட அறை என்று ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலம். நீண்ட மேஜைகள், சுருள் சுருளாக வரைபடத் தாள்கள், மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். சந்தை மூடியதும் கீழேயிருந்து அன்றைய விலைகள் வரும். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு சின்னச் செங்குத்துக் கோடு. அன்றைய உச்ச விலையிலிருந்து அடிவிலை வரை. முடிவு விலைக்குப் பக்கவாட்டில் ஒரு கீற்று. கோடு போட்டு முடிப்பதற்குள் வெயில் மேஜைமேல் வந்து படுத்துக்கொள்ளும்.

அந்த அறையின் தலைமை வரைபடக்காரரைப் பென்சிலார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். காதில் ஒன்று, பையில் இரண்டு, கையில் ஒன்று என்று எப்போதும் பென்சிலோடு இருப்பார். நிறுவனத்தின் வார இதழில் 'இந்த வார வடிவம்' என்ற பக்கத்தை அவர்தான் எழுதினார். சந்தாதாரர்கள் இதழைப் பின்பக்கமிருந்து பிரிப்பதற்குக் காரணம் அந்தப் பக்கம்தான். ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கில் 'தலையும் தோளும்' என்ற மூன்று மலை வடிவம் வந்துவிட்டது, இனி இறக்கம்தான் என்று ஒருமுறை அவர் எழுத, அது மாடிப்படியில் உருண்ட மாதிரி விழுந்தது. முதலாளி அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டிவைத்தார்.

பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவரைப் புள்ளியம்மா என்பார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் புள்ளியியல் பிரிவிலிருந்து வந்தவர். பென்சிலாரின் வயதுதான். கோடு போடுவதில் அவர் கை கொஞ்சம் முரடு. பென்சிலார் அதைக் கிண்டல் செய்வார், இவரும் விடமாட்டார்.

"உங்க கோடு என்ன, கோழி கிளறின மாதிரி இருக்கு?"

"கோழி கிளறினா புழுவாவது கிடைக்கும் பென்சில் சார். உங்க கோட்டுல என்ன கிடைக்குது?"

இப்படியே ஓடிக்கொண்டிருந்த அறையில் ஒரு நாள் பென்சிலார் வந்து உட்கார்ந்தும் பென்சிலை எடுக்கவில்லை. என்னவென்று கேட்டதற்கு, முந்தின நாள் தன் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனதைச் சொன்னார்.

அவருடைய அத்தான் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கடையில் மிஞ்சியதைக் கொண்டு பல வருடங்களாக ஒரே ஒரு டயர் கம்பெனியின் பங்குகளைச் சேர்த்துவந்தார். வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும் என்பது கணக்கு. மச்சானின் பக்கத்தை அவர் வேதம் போலப் படிப்பவர். டயர் பங்கு ஓர் உச்சிக்கு ஏறி, இறங்கி, திரும்ப அதே உச்சி வரை வந்து தயங்கியபோது, 'இரட்டை உச்சி உருவாகிறது' என்று, அதாவது இனி இறங்கும் என்று, பென்சிலார் எழுதியிருந்தார். அத்தான் அன்றைக்கே அத்தனையையும் விற்றார். பங்கு தயங்கியது சில நாள்தான். பிறகு இரண்டு உச்சிகளையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"சண்டை போட்டாரா?" என்று கேட்டார் புள்ளியம்மா.

"போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு வார்த்தை பேசல. அக்காதான் பேச்சுவாக்குல சொன்னா. அவர் எனக்குப் பரிமாறிக்கிட்டே இருந்தாரு. எனக்கு இறங்கவே இல்லை." பென்சிலார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா பாருங்க, அது இரட்டை உச்சியே இல்லை. ரெண்டு உச்சிக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்குல்ல, அந்தப் பள்ளத்துக்குக் கீழ விலை முடிஞ்சாத்தான் வடிவம் பூர்த்தி. அது உடையவே இல்லையே. அவர் அவசரப்பட்டுட்டாரு."

புள்ளியம்மா தன் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "விழுந்தா, பாத்தீங்களா இரட்டை உச்சின்னு சொல்றோம். விழாம ஏறிட்டா, அது இரட்டை உச்சியே இல்லைங்கிறோம். அப்படின்னா அது எப்பத்தான் சார் தோக்கும்?"

பென்சிலாருக்குக் கோபம் வந்தது. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பி வந்தபோது கோபம் முகத்தில் இருந்தது, குரலில் இல்லை.

"சரி, பள்ளம் உடைஞ்சதை மட்டும் எடுத்துக்குவோம். அதுலயாவது என் பொழைப்பு உண்மையான்னு பாத்துரலாம். பழைய சுருளெல்லாம் பரண்லதான கிடக்கு?"

அந்தக் கோடைகாலத்தைப் புள்ளியம்மா வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. வேலை முடிந்த பின் வெயில் சாயும் வரை இருவரும் பழைய சுருள்களை விரித்தார்கள். தூசியும் மையும் கலந்த வாசனை. ஒரு பழுப்பு அட்டையால் வரைபடத்தின் வலப்பக்கத்தை மூடுவார்கள். பிறகு நடந்தது கண்ணில் படக்கூடாது. படம் முடிந்தபின் பார்க்கிறவனுக்கு எல்லா மலையும் தெளிவாகத் தெரியும். அட்டையைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, வடிவம் என்று தோன்றும் இடத்தை மெல்லிய தாளில் தனித்தனியாகக் குறித்தார்கள்.

முதல் அதிர்ச்சி, இருவர் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது வந்தது. இரண்டும் ஒத்துப்போன இடங்கள் பாதிகூடத் தேறவில்லை.

"இது தலையும் தோளுமா? தோள் எங்கே இருக்கு?" என்றார் பென்சிலார்.

"இதோ. நீங்க போன வாரம் இதைவிடச் சப்பையா ஒண்ணைப் போட்டீங்களே!"

"அது வேற. அதுல ஒரு இது இருந்துச்சு."

"அந்த 'இது'வை எழுதிக் குடுங்க. ரெண்டு பேரும் அதையே வெச்சுக் குறிப்போம்."

அதை எழுதத்தான் அவர் மிகவும் சிரமப்பட்டார். மூன்று மலை, நடுமலை உயரம், அது தலை. இரண்டு பக்கமும் தோள். நடுவிலுள்ள இரண்டு பள்ளங்களையும் சேர்த்தால் கழுத்துக்கோடு. அதுவரை எல்லோருக்கும் தெரியும். தோள்கள் எவ்வளவு சமமாக இருக்க வேண்டும்? எவ்வளவு சாய்ந்த கழுத்துக்கோட்டை ஒப்புக்கொள்வது? இரட்டை உச்சியில் இரண்டு உச்சிக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்? இத்தனை வருடமும் தன் கண்தான் அதையெல்லாம் முடிவு செய்தது, அதுவும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி முடிவு செய்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

விதி எழுதியாயிற்று. திரும்பவும் முதலிலிருந்து குறித்தார்கள். கழுத்துக்கோடோ பள்ளமோ உடைந்தபின், உச்சிக்கும் அந்தக் கோட்டுக்கும் இருந்த தூரம் கீழே இறங்க வேண்டும் என்பது வடிவக்காரர்களின் வாக்கு. அது நடக்கிறதா, அல்லது அதற்கு முன்பே விலை அதே தூரம் மேலேறிப் பழைய உச்சிக்குத் திரும்பிவிடுகிறதா? எது முதலில் என்று பார்த்தார்கள். மேலேயும் கீழேயும் ஒரே தூரம். நாணயத்தைச் சுண்டினால் பாதிக்குப் பாதி.

இரட்டை உச்சி அந்தப் பாதியைத் தாண்டவில்லை. தலையும் தோளும் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. தரகுக் கூலியைக் கழித்தால் அந்தக் கொஞ்சமும் கரைந்துபோயிற்று. சந்தை சரிந்த வருடங்களில் இரண்டுமே அருமையாகப் பலித்திருந்தன. பென்சிலார் அதைக் காட்டி முகம் மலர்ந்தார். புள்ளியம்மா அந்த வருடங்களிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு நாள்களைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார். வடிவமே இல்லாத இடத்திலும் பங்குகள் கிட்டத்தட்ட அதே அளவு விழுந்திருந்தன.

கணக்கு முடிந்த சாயங்காலம் பென்சிலார் வாசலுக்கு எதிரே போய், சட்டம் போட்ட சிமெண்ட் படத்தின் முன்னால் நின்றார்.

"அப்ப இது குருட்டு அதிர்ஷ்டமா?"

"தெரியாது சார்," என்றார் புள்ளியம்மா. "நீங்க சொன்னீங்க, விழுந்துச்சு. அதுல பொய் இல்லை. வடிவத்தாலதான் விழுந்துச்சான்னு இந்த ஒரு படத்தை வெச்சுச் சொல்ல முடியாது. இது மாதிரி விழாம போனதையெல்லாம் நாம சட்டம் போட்டு மாட்டலையே."

பென்சிலார் சிரித்துவிட்டார். "செவுரு பத்தாது" என்றார். சிரித்த கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

அடுத்த வாரப் பக்கத்தில் இதை அப்படியே எழுதப்போவதாக அவர் சொன்னபோது முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"நம்ம கடையை நாமளே பூட்டுறதா? உமக்கென்ன பைத்தியமா?"

"நான் எழுதினதை நம்பி வித்தவங்க இருக்காங்க சார். அதுல ஒருத்தர் வீட்டுல நான் சாப்பிடணும்."

முதலாளி அரை மனதாகத் தலையாட்டினார். பக்கம் வந்தது. சில சந்தாக்கள் நின்றன. கடிதங்கள் குவிந்தன. பாதிக்குமேல் ஒரே மாதிரி: தங்கள் நேர்மைக்கு வணக்கம், அதெல்லாம் இருக்கட்டும், இந்த வாரம் எந்தப் பங்கில் தலையும் தோளும் தெரிகிறது? இருவரும் அவற்றை வாசித்து வாசித்துச் சிரித்தார்கள். கீழ்மாடிக்காரர்கள் மேலே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு.

அந்த இதழை எடுத்துக்கொண்டு பென்சிலார் அத்தானின் கடைக்குப் போனார். துணைக்குப் புள்ளியம்மாவும் போனார். அத்தான் கைகளில் கிரீஸோடு, பக்கத்தை மேஜைமேல் விரித்துக் குனிந்து படித்தார்.

"பாதிக்குப் பாதிதானா மச்சான்?"

"ஆமா அத்தான். உருவாகுதுன்னு நான் எழுதியிருக்கவே கூடாது. உங்க மாடி..."

"மாடி கிடக்கட்டும்." அத்தான் கையைத் துணியில் துடைத்தார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் வித்திருக்கவே மாட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "இல்லை. அப்பவும் வித்திருப்பேன். நீ கோடு போட்டா அவ்வளவு அழகா இருக்குமே, யாருக்கு நம்பாம இருக்க மனசு வரும்? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. போன தடவை ஒழுங்காவே சாப்பிடலைன்னு உங்க அக்கா என்னைத் திட்டிக்கிட்டு இருக்கா."

அதற்குப் பிறகும் பென்சிலார் வடிவங்களை வரைந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் உடைவதற்கு முன் எதற்கும் பெயர் சூட்டவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும், விலை எந்த இடத்துக்குத் திரும்பினால் தான் சொன்னது தப்பு என்று ஒரு வரி எழுதினார். அந்த வரியால் வடிவத்தின் யோக்கியதை கூடிவிடாது, தப்பு தெரியும் இடமாவது வாசகனுக்குத் தெரியட்டும் என்பார்.

சில வருடங்களில் கம்ப்யூட்டர் வந்தது. பரண் சுருள்கள் எடைக்குப் போயின. வரைபட அறையில் இப்போது தடுப்பு வைத்து யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். புள்ளியம்மா வேறொரு நிறுவனத்தில் பெரிய பொறுப்புக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டார். ஒரு கோடை முழுக்க இரண்டு பேர் செய்த கணக்கை இன்று இயந்திரம் தேநீர் ஆறுவதற்குள் செய்து முடிக்கிறது. விடையும் ஏறக்குறைய அதேதான்.

விடையைப் பற்றிப் புள்ளியம்மாவுக்கு இப்போது பெரிய நினைப்பு இல்லை. அந்தச் சாயங்காலங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டு மெல்லிய தாள்களை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இது தோளே இல்லைங்க" என்று ஒருவரும், "நல்லாப் பாருங்க, தோள்தான்" என்று ஒருவரும் தொண்டை வற்றச் சண்டை போட்டதும், அட்டையை இன்னொரு கட்டம் நகர்த்தும் முன் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதும்.