மார்ச் நாலு, ஞாயிற்றுக்கிழமை

காலண்டரில் பிழை பார்ப்பது என் வேலை. பத்தொன்பது வருடங்களாக ஒரே அச்சகம், ஒரே நாற்காலி, ஒரே சிவப்புப் பேனா. ஊர் புது வருடத்துக்காகக் காத்திருக்கும்போது எனக்கு அது புளித்துப் போயிருக்கும். செப்டம்பரிலேயே அதை முழுதாகப் பார்த்து முடித்திருப்பேன்.

உலகத்தில் மொத்தமே பதினாலு காலண்டர்தான். ஜனவரி ஒன்று ஏழு கிழமைகளில் ஏதோ ஒன்றில் பிறக்கும். பிப்ரவரி இருபத்தெட்டிலோ இருபத்தொன்பதிலோ முடியும். ஏழிரண்டு பதினாலு. இத்தனையும் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பொருத்தமான பழைய வருடத்தை எடுத்து, மேலே இருக்கும் எண்ணையும் படத்தையும் மாற்றினால் புது வருடம் ரெடி. முதலாளி இதை வெளியில் சொல்ல மாட்டார். வியாபாரம் படுத்துவிடும்.

எனக்கு ஒரு மகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், சுண்டு என்றால்தான் வருவாள். பதினோரு வயது. அவள் அம்மாவும் நானும் பிரிந்தபோது நீதிமன்றம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தது. இரண்டு மணி முதல் ஐந்து வரை, நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் குழந்தைகள் கூடத்தில். அவளுக்குப் பதினெட்டு முடியும்வரை இதுதான் ஏற்பாடு. பிறந்தநாளுக்குத் தனியாக அனுமதி கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பிறகு கேட்டேன். "ஞாயிறுன்னா ஞாயிறுதான்" என்று அந்தப் பக்கத்து வக்கீல் முடித்துவிட்டார்.

சுண்டுவின் பிறந்தநாள் மார்ச் நாலு. ஏழாவது திங்களில் வந்தது. எட்டாவது புதன், ஒன்பதாவது வியாழன், பத்தாவது வெள்ளி, பதினோராவது சனி. அந்த சனிக்கு மறுநாள் அவள் டப்பாவில் கொண்டுவந்த கேக்கைத் தின்றேன். ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். ஐந்து வருடமாக எனக்குக் கிடைப்பது ஆறிப்போன பிறந்தநாள்தான். அதில் வருத்தப்படுவதுகூட நின்றுவிட்டது. மரத்துப்போன காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அப்படி.

ஆனாலும் அந்த சனிக்கிழமை எனக்குள் ஒரு கணக்கைப் போட்டுவிட்டது. வெள்ளி, சனி, அடுத்தது ஞாயிறு. இதற்குப் பஞ்சாங்கமா வேண்டும்?

செப்டம்பர் முதல் வாரத்தில் அடுத்த வருடத்தின் புரூஃப் மேஜைக்கு வந்தது. ஜனவரி ஒன்று திங்கள். சரி. அடுத்து பிப்ரவரி எத்தனை நாளில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் முறை. நான் நேராக மார்ச்சுக்குப் போனேன். நாலு என்ற எண் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மற்ற மாதங்களைப் புரட்டினேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மூலையில் கண்காணிப்பு அம்மாள் நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தார்.

"உனக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்" என்று மார்ச் பக்கத்தை விரித்தேன். நாலைச் சுற்றி வட்டம் போட்டிருந்தேன். "பன்னெண்டாவது பொறந்தநாள் நம்ம நாள்ல வருது. கேக் நான் வாங்கறேன். அன்னிக்கே வெட்டலாம். சூடா."

"கேக்க யாராவது சூடா சாப்பிடுவாங்களா?" என்றாள். ஆனால் சிரித்தாள். வட்டத்தின்மேல் விரலை ஒருமுறை ஓட்டினாள். பிறகு முந்தின பக்கத்தைத் திருப்பினாள். விரல் நின்றது.

"அப்பா, பிப்ரவரி இருபத்தெட்டுல முடியுதே."

"ஆமா."

"அடுத்த வருஷம் லீப் வருஷம்பா. இப்பதான் டெஸ்ட் எழுதினேன்."

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

அவளோ பரீட்சை ஒப்பிக்கிற குரலில் தொடர்ந்தாள். "வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம் போக ஒரு நாள் மிச்சம். அதான் கிழமை ஒண்ணு ஒண்ணா தள்ளுது. பூமி சூரியனச் சுத்த முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளுக்கு மேல இன்னும் கால் நாள் கிட்ட ஆகும். அதச் சேத்து வச்சு பிப்ரவரில ஒரு நாளா குடுத்துடறாங்க. அப்ப மிச்சம் ரெண்டு நாள். சனி, அப்புறம்..." அவளே நிறுத்திக்கொண்டாள்.

"திங்கள்" என்றேன்.

ஞாயிற்றைத் தாண்டிக் குதித்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு முன்னாடி பொறந்திருந்தா அடுத்த வருஷம் ஒரு நாள்தான் தள்ளியிருக்கும்" என்றாள். "டாக்டர் சொன்ன தேதி என்னப்பா?"

"பிப்ரவரி இருபத்தஞ்சு. நீ எட்டு நாள் லேட்டு."

விரலை இருபத்தைந்தில் வைத்தாள். ஞாயிறு. பிப்ரவரி இருபத்தெட்டு வரை அந்தப் புரூஃப் சரியாகத்தான் இருந்தது. "சாரிப்பா" என்றாள். பிறந்ததற்கு என் மகள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"நீங்க திருத்தலன்னா என்ன ஆகும்?"

"ஊரே ஒரு நாள் முன்னாடியே போய் எல்லா எடத்துலயும் நிக்கும்."

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். பதிமூன்று செவ்வாய், பதினாலு புதன், பதினைந்து வியாழன். அடுத்து மறுபடியும் லீப் வருடம் வந்து வெள்ளியை விழுங்கியது. பதினாறு சனி. "பதினேழு, ஞாயிறு!" என்றாள். "ஒண்ணு வருதுப்பா. ஒண்ணே ஒண்ணு." ஆறு வருடத்துக்கு ஒரு வாய் கேக். நான் தலையாட்டினேன்.

"பதினெட்டு திங்கள். ஆனா அன்னிக்கு கிழமை பாக்க வேணாம்ல?"

"வேணாம்."

"யார்கிட்டயும் கேக்க வேணாம்?"

"வேணாம்."

"அப்ப நானே வரேன். ஆபீஸ்ல இருப்பீங்கல்ல?"

கண்காணிப்பு அம்மாள் ஊசியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். ஐந்தடிக்க இன்னும் நேரம் இருந்தது. பாவம், அவருக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் இயந்திரம் ஓட ஆரம்பிக்கும் முன்பே போய் புரூஃபைத் திரும்பக் கேட்டேன். பக்கம் அமைக்கும் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், திங்கள்ல ஆரம்பிக்கற ஃபைல்னு தேடினேன். மேல இருந்தத எடுத்துட்டேன். அது சாதா வருஷம்னு கவனிக்கல. உங்க கையெழுத்தும் இருந்துதா, அப்படியே அனுப்பிட்டேன்."

"எந்த வருஷத்து ஃபைல்?"

"அஞ்சு வருஷத்துக்கு முந்தினது சார்."

சுண்டுவுக்கு ஆறு வயது முடிந்த வருடம். அந்த மார்ச் நாலு ஞாயிறு. ஒரே வீட்டில் மூன்று பேரும் இருந்து கேக் வெட்டிய கடைசிப் பிறந்தநாள். அந்த வருடக் கடைசியில்தான் தீர்ப்பு வந்தது. பழைய வருடத்துக்குப் புது எண்ணைப் போட்டு என்முன் வைத்திருக்கிறார்கள். நானும் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"உங்களுக்கு எப்படி சார் கண்ணு தப்புச்சு?" என்றாள் அந்தப் பெண்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றேன்.

உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். பிப்ரவரியில் வியாழனுக்குக் கீழே 29 என்று எழுதினேன். மார்ச் ஒன்றை வெள்ளிக்குத் தள்ளினேன். இரண்டை சனிக்கு, மூன்றை ஞாயிற்றுக்கு. நாலை அடித்து, திங்கள் கட்டத்தில் கறுப்பாக எழுதினேன்.