உப்பை மட்டும் எடுக்க மாட்டேன்

போன் நனையாமலிருக்க வாங்கிய பையைப் பற்றி மஞ்சு எழுதிய விமர்சனம் முந்நூற்று எழுபது வார்த்தை வந்தது. விற்ற தளமோ நூறுக்கு மேல் ஏற்காது.

தோணிரேவு உப்பேரியில் அந்தப் பையை மாட்டிக்கொண்டு இரண்டு மாதம் இறால் பிடித்தவன் அவள் கணவன் ஸ்டீபன். "என் பேர எடுத்துடாத," என்றான். முதலில் அதைத்தான் எடுத்தாள். தாமதமாக வந்த கொரியரும் அவள் கோபமும் அடுத்துப் போயின. இன்னும் பதினொரு வார்த்தை கூடுதல்.

"அந்த உப்புக் கதைய தூக்கேன். தண்ணி பூந்துச்சுனு போட்டா போதாதா?" என்றான் ஸ்டீபன்.

"போதாது. வாளியில முக்கினப்போ பூந்துச்சா? ஏரில எட்டாம் நாளு, பையோட வாய்ப் பூட்டுல உப்பு உறைஞ்சப்புறம்தான பூந்துச்சு? தெனம் நல்ல தண்ணில கழுவ ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு சொட்டு உள்ள போவல. அத எடுத்தா மீதி பொய்யி."

பையின் அழகை வர்ணித்த வரிகளை வெட்டினாள். தொண்ணூற்றெட்டு.

மறுவாரம் அதன் கீழே தொண்டிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: 'கழுவினேன். போன் பிழைத்தது.'

ஸ்டீபன் அதைப் படகுத்துறையில் எல்லோருக்கும் காட்டினான். "உன் பேரே இல்லியேடா," என்றார்கள்.

"எழுதுனது ஸ்டீபன் பொண்டாட்டினு நான் சொல்றேன்ல, கேட்டுக்கோங்கடா!"