சுத்தியலைக் கழட்டுனியா?

மேனகா பாறையில வழுக்கி விழுந்தப்போ மணி மூணே கால். கணுக்காலுக்கு மேல எலும்பு உடைஞ்சிருச்சுன்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. அவ பையில இருந்த ஸ்மார்ட்போன் அவளுக்கு முன்னாடியே நொறுங்கியிருந்துச்சு. என்னோடதைப் போன வாரம்தான் ஏரியில தொலைச்சிருந்தேன். கையில இருந்தது எங்க அத்தா குடுத்த பட்டன் போன், அதுல ஒரே ஒரு கோடு சிக்னல். அத்தா ஒண்டிக்கடை முக்குல மளிகைக் கடை வச்சிருக்காரு. நானும் மேனகாவும் எம்.எஸ்ஸி. ஜியாலஜி. பாறை பார்க்க வந்த எடத்துல பாறையே எங்களைப் பார்த்துக்கிச்சு.

வெள்ளக்கடையில எறங்கி ரெண்டு மணி நேரம் நடந்து வந்திருந்தோம். அண்ணன் சுஹைலுக்குப் போன் போட்டேன். ஜீப்போட வர்றேன், எங்க இருக்கேன்னு சொல்லுன்னான். அதுதானே எனக்கே தெரியலை! சுத்தியும் வெள்ளையா பனிமூட்டம். இருட்டுறதுக்குள்ள இவளைத் தூக்கலைன்னா, இந்தக் குளிர்ல ராத்திரி தாங்க மாட்டா.

கொஞ்ச நேரத்துல பனி விலகி, சேர்வராயன் உச்சியும் தெக்கே தள்ளி மொட்டைப் பாறையும் தெரிஞ்சுது. ரெண்டும் எங்க டோப்போ மேப்புல, அதான் மலை, ஓடை எல்லாம் அளந்து போட்ட மேப்புல, இருக்கு. காம்பஸை இடுப்புகிட்ட வச்சு சேர்வராயனைப் பார்த்தேன், முப்பத்திரண்டு டிகிரி. மொட்டைப் பாறை நூத்திப் பன்னெண்டு. நான் உச்சியைப் பார்க்கிற திசை இது. உச்சி என்னைப் பார்க்கிற திசை வேணும்னா நூத்தி எண்பது கூட்டணும். இருநூத்திப் பன்னெண்டு, இருநூத்தித் தொண்ணூத்திரண்டு. மேப்புல ஒவ்வொரு உச்சியில இருந்தும் அந்தத் திசையில ஒரு கோடு. கோடு ரெண்டும் வெட்டுற எடத்துல நான் இருக்கேன். ஓடைக்கு மேற்கே, எஸ்டேட் சில்வர் ஓக் மர வரிசைக்குப் பக்கத்துல வெட்டுச்சு. சுஹைலுக்கு அப்படியே சொன்னேன். வெள்ளக்கடை ஐயாக்கண்ணு அண்ணனையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பறேன்னான். காட்டுப் பாதை எல்லாம் அவருக்கு அத்துப்படி.

போனை வச்சதுக்கப்புறம்தான் உறைச்சுது. ஓடைக்கு மேற்கே இருந்தா தண்ணி கிழக்க இருக்கணும். வெயில் மங்கலா சாயுற பக்கத்துல இருந்துல்ல தண்ணி சத்தம் வருது? சில்வர் ஓக் ஒண்ணையும் காணோம். மேப்பைத் திட்டுனேன், காம்பஸைத் திட்டுனேன், அதைச் செஞ்சவனையும் விடலை. மறுபடியும் பார்க்கலாம்னா பனி மூடிருச்சு.

மயக்கத்துல கிடந்த மேனகா அந்தத் திட்டுல கண்ணைத் தொறந்தா. வாய் குழறுச்சு.

“சுத்தியலைக் கழட்டுனியாடி?”

நான் குனிஞ்சு என் இடுப்பைப் பார்த்தேன். பெல்ட்டுல இரும்புச் சுத்தியல் தொங்குது! அந்த இரும்பு காம்பஸ் முள்ளைத் தன் பக்கம் இழுத்துருக்கு. நான் காம்பஸ் எடுக்கிறப்ப எல்லாம் இவதான் கேப்பா, நான் எரிஞ்சு விழுவேன், அப்புறம் கழட்டி வைப்பேன். இன்னிக்கு இவ கேக்கலை, நானும் கழட்டலை. என்னைச் செருப்பால அடிக்கணும் போல இருந்துச்சு.

என்னோடது, அவளோடது, ரெண்டு சுத்தியலையும் பதினைஞ்சு அடி தள்ளி வச்சேன். பட்டன் போனையும் அங்கயே வச்சுட்டு உக்காந்தேன். இருபது நிமிஷம். வாழ்க்கையில அவ்வளவு பொறுமையா நான் உக்காந்ததே இல்லை. பனி திரும்ப விலகுன உடனே சேர்வராயன் இருபது, மொட்டைப் பாறை நூத்தி அஞ்சு. கூட்டினா இருநூறு, இருநூத்தி எண்பத்தஞ்சு. ரெண்டு கோடும் ஓடைக்குக் கிழக்கே, மேப்புல போட்டிருந்த வண்டித் தடத்துக்குக் கீழ வெட்டுச்சு, முன்ன வச்ச புள்ளியில இருந்து ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி. மேப்புல ரெண்டு சென்டின்னா தரையில ஒரு கிலோமீட்டர். தண்ணி இப்போ மேற்கே இருந்துச்சு, காதுல கேக்குற மாதிரியே. ஓடிப்போய் போனை எடுத்து சுஹைலுக்குப் போட்டேன்.

“அண்ணே, நான் சொன்னது தப்பு. ஓடையைத் தாண்டாதீங்க. ஓடை மேல இருக்கிற கல் பாலத்துக்குக் கிழக்கே மேடு ஏறுங்க, வண்டித் தடத்துக்கு நேர் கீழ இருக்கோம்.”

அவன் திட்டுன திட்டை எழுத முடியாது. நல்லவேளை, இன்னும் பாலத்தைத் தாண்டலையாம்.

முக்கால் மணி நேரம் கழிச்சு மேல இருந்து ஐயாக்கண்ணு அண்ணன் குரல் கேட்டுச்சு. “ஏனுங்க கண்ணு, எங்க இருக்கறீங்க?” நான் ஓன்னு அழுதேன். அழுகைச் சத்தத்தை வச்சே எறங்கி வந்துட்டாங்க. புள்ளி வச்ச எடத்துக்கு மேல அறுபது அடியில வண்டித் தடம் இருந்துச்சு. போர்வையில மூங்கில் கட்டி மேனகாவைத் தூக்குனாங்க. நொம்ப வெளிச்சம் மிச்சம் இருந்துச்சு.

ஜீப்புல என் மடியில தலையை வச்சுக்கிட்டு, வலியிலயும் அவ வாய் சும்மா இல்லை. அடுத்த தடவையாவது கேக்காமயே கழட்டித் தொலைன்னா.

“மாட்டேன்”னு சொன்னேன். “நீயே வந்து கேளு.”