மூன்றாவது தலைப்பு

என் ஆய்வு வழிகாட்டி தியாகராசன் சார், நான் சொன்ன தலைப்புகள் இரண்டையும் திருப்பிவிட்டார். மகளிர் சுயஉதவிக் குழு என்றேன். நூலகத்தில் ஏற்கெனவே பதினோரு ஆய்வேடு இருக்கிறது என்றார். முதியோர் இல்லம் என்றேன். சிரித்தே விட்டார்.

"திங்கக்கெழம மூணு மணிக்கு வாம்மா. அப்பவும் புதுசா எதுவும் இல்லேன்னா, துறைப் பட்டியல்ல இருக்கறத எடுத்துக்க."

பட்டியலில் மிச்சம் இருந்தது 'இலவச மிக்சி: பயனாளிகளின் மனநிறைவு'. ஆட்சி மாறி ஊரெல்லாம் மிக்சி வந்துகொண்டிருந்த வருடம் அது. எங்கள் தெருவில் எம்.ஏ. வரை வந்தவள் நான் ஒருத்திதான். அதைப் போய் மிக்சியில் முடிப்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கள் காலை, விடுதி அறையில் அறைத்தோழி ஷம்சாத் ஒரு வெள்ளைத்தாளைக் குறுக்குவாட்டில் போட்டாள். நாகூர்க்காரி. தர்காவுக்கு வரும் வெளியூர்ப் பெண்களைப் பற்றிய அவளுடைய தலைப்பு போன மாதமே தேறிவிட்டது. அந்தத் திமிர் குரலில் இருந்தது.

"நடுவுல உன் பேர எழுதி வட்டம் போடு. ஒரு பக்கம் பிடிச்சது, இன்னொரு பக்கம் உனக்கு நல்லா வர்றது. கிளைக்கு ஒரு வார்த்த போதும். சரியா தப்பான்னு இப்ப யோசிக்காத, மனசுல வர்றத எழுதிட்டே போ."

பிடித்தது: பெண்கள், வயல், பேச்சு, வரைபடம். அந்தப் பக்கம் மளமளவென்று நிரம்பியது. நல்லா வர்றது என்ற பக்கத்தில் 'தட்டச்சு' என்று எழுதிவிட்டு விழித்தேன்.

"சிட்டா, அடங்கல்னா எனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. போன வாரம் எங்க மாமாவுக்கு நீதானடி படிச்சுச் சொன்ன?" என்றாள் ஷம்சாத்.

நிலப் பதிவேடு படிப்பதெல்லாம் ஒரு திறமையா? தாலுகா ஆபீசில் அம்மாவோடு கால்கடுக்க நின்று கற்றது அது. 'பதிவேடு' என்று எழுதினேன். அதிலிருந்து 'குத்தகை', 'கோயில்', 'பெயர்' என்று கிளைகள் பிரிந்தன.

"இப்ப இந்தப் பக்கத்துக் கிளையையும் அந்தப் பக்கத்துக் கிளையையும் கோடு போட்டுச் சேத்துப் பாரு."

'பெண்கள்' என்பதிலிருந்து 'பெயர்' வரை கோடு இழுத்தேன். கை நின்றுவிட்டது. கோயில் நிலத்தில் உழைக்கிற பெண்கள், குத்தகைப் பதிவில் இல்லாத பெண்கள். இதுதான் கேள்வி. நூலகத்துக்கு ஓடி ஆய்வேட்டுப் பட்டியலை முழுக்கப் புரட்டினேன். ஒருவரும் தொடவில்லை.

சந்தோஷம் படி இறங்குவதற்குள் பயமாகிவிட்டது. அப்பா இறந்த பிறகு எட்டு வருடமாக அம்மா பயிரிடும் ஒன்றரை ஏக்கரும் கோயில் நிலம்தான். குத்தகை இருப்பது சிங்காரவேலு பெயரில். அம்மாவுக்கு உள்குத்தகை, வெறும் வாய்ச்சொல். அந்தச் சிங்காரவேலு, தியாகராசன் சாரின் கூடப்பிறந்த அண்ணன். நான் யார் மகள் என்று சாருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. 'வயல்' கிளையின் நுனியில் எழுதியிருந்த எங்கள் ஊர்ப்பெயரை அழித்தேன்.

மூன்று மணிக்கு சார் தாளை வாங்கி விரலால் கோடுகளைத் தொடர்ந்தார்.

"புதுசுதான். நல்லா வந்திருக்கு. ஆமா, எந்த ஊர்ல எடுக்கப் போற? இங்க ஏதோ அழிச்சிருக்கே."

வேறு ஊரைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் பெயரை மறைப்பதைப் பற்றி ஆராயப் புறப்பட்டு, நானே மறைப்பதா?

"உங்க ஊர்தான் சார். எங்க ஊரும் அதான். உங்க அண்ணன் பேர்ல இருக்கற கோயில் நெலத்த எங்கம்மா காத்தாயிதான் பயிர் பண்றாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"வருஷா வருஷம் அந்த நெல்லு எங்க வீட்டுக்கு வருது" என்றார் மெதுவாக. "யாரு வெளைவிச்சதுன்னு நான் கேட்டதே இல்ல."

பிறகு ஒப்புதல் படிவத்தை எடுத்துத் தலைப்பை அவரே எழுதினார். வழிகாட்டி என்ற இடத்தில் தன் பெயரை அடித்துவிட்டு அதே துறையின் ஞானாம்பாள் மேடம் பெயரைப் போட்டார்.

"இதுக்கு நான் வழிகாட்டியா இருக்கறது முறையில்லம்மா. மேடத்துகிட்ட நான் பேசிக்கறேன். கெளம்பு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபமா, வெட்கமா, எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். வயலைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அழுதேன். முதல் பேட்டி அவளுடையதுதான் என்பதையும் சொன்னேன்.

அம்மா கேட்டது ஒன்றுதான்.

"புஸ்தகத்துல பேரு வருமா?"

"மாத்திதாம்மா போடுவோம். பேசுனவங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னு அதான் வழக்கம்."

"மாத்தாத. காத்தாயின்னே போடு. எங்கயாவது ஒரு தாள்லயாவது இருக்கட்டும்."