சமமான அல்லது மேலான

எங்கள் சைட் மேனேஜருக்குத் தும்மல்கூட வந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் "உடல்நலக் காரணங்களால் பணியைத் தொடர இயலாத நிலையில்" என்று அவரைப் பற்றிய கடிதத்தை நான் தட்டிக்கொண்டிருந்தபோது, அவர் ஜன்னலுக்கு வெளியே பாலத்தின் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இருந்த நோய் ஒன்றே ஒன்று. கான்கிரீட் இறுகிவிட்டதா என்று பார்க்கும் கட்டிகளின் சோதனை முடிவு வராமல் பாலத் தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளைக் கழற்ற விடமாட்டார். முட்டுகள் அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்று முதலாளி நான்கு நாளாகக் கத்திப் பார்த்தார். பிறகு அவர் இடத்துக்குத் தன் மச்சானைக் கூட்டிவந்துவிட்டார்.

முக்கியப் பணியாளரை மாற்றுவதென்றால் புதியவர் பழையவருக்குச் "சமமான அல்லது மேலான" தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இருவரையும் அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வேலை கொடுத்தவர்கள் அமர்த்திய ஆலோசகப் பொறியாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

"மேனேஜருக்குப் பால வேலையில பதினாலு வருஷம். உங்க மச்சானுக்கு எட்டு. அதுலயும் ஆறு வருஷம் செங்கல் யாவாரம் சார்," என்றேன்.

"செங்கல் இல்லாம கட்டடமா?" என்றார் மச்சான், பிஸ்கட்டை டீயில் முக்கியபடி. அது உடைந்து உள்ளே விழுந்தது. விரலை விட்டு எடுத்துத் தின்றார்.

"எட்டைப் பதினஞ்சாக்கவா சார்?"

"இன்ஜினியர் சர்டிபிகேட் கேப்பான்," என்றார் முதலாளி. " மச்சானை ஏத்த முடியலேன்னா அந்தாளை இறக்கு. ஏழுன்னு போடு."

போட்டேன். சொன்னதைச் செய்யும் பிள்ளை என்று வீட்டிலும் எனக்குப் பெயர் உண்டு.

மூன்றாம் நாள் ஆலோசகப் பொறியாளர் எங்கள் கடிதத்தோடு வந்தார். முதலாளி, மேனேஜர், நான், எல்லோரும் இருந்தோம்.

"டெண்டர்ல மேனேஜருக்குக் குறைஞ்சது பத்து வருஷப் பால அனுபவம் கேட்டிருந்தோம். பதினாலுன்னு எழுதித்தான் வேலை வாங்கினீங்க. இப்ப நீங்களே ஏழுன்றீங்க. அப்ப பொய், இல்ல இப்ப பொய். எதுன்னு சொன்னா அதுக்கேத்த மாதிரி மேலே எழுதுறேன்."

முதலாளியின் முகம் நனைந்த சிமென்ட் மூட்டைபோல் இறுகியது. "டைப்பிங் மிஸ்டேக் சார். இந்தத் தம்பி புதுசு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். கடிதத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் நானே தட்டினேன். மச்சான் அதற்குள் கிளம்பிவிட்டார். முட்டுகள் அப்படியே நின்றன.

மேனேஜர் பழைய கடிதத்தையும் அட்டவணையையும் கையில் எடுத்து, தன் பெயருக்குக் கீழே இருந்த கட்டங்களை மெதுவாகப் படித்தார்.

"ஏழு வருஷம் விரல் தவறிப் போச்சாப்பா?"

"ஆமா சார்."

"உடம்பு சரியில்லேன்னதும் விரல் தவறியா?"

அவர் தாள்களை மேசையில் வைத்துவிட்டு, மூலையிலிருந்த குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். துடைக்க என் மேசைமேல் கிடந்த துண்டை நீட்டினேன். சட்டையிலேயே துடைத்துக்கொண்டு சாரத்துக்குப் போனார்.