திரும்பிப் பார்த்தவள்

"வாங்க, உட்காருங்க. பேரு என்னங்க?"

சின்னக்கா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. "யாரக் கூப்பிடற?"

"உங்களத்தாங்க. எத்தனாவது மாசம்? தலைவலி இருக்குதா? கால் வீங்குதா? கண்ணு மங்குதா?"

"ஒண்ணுமில்ல."

ஆடி மாதத்தில் நடந்த பேச்சு இவ்வளவுதான். அன்று அதை மரியாதையான பேச்சு என்றே தெரசா நினைத்திருந்தாள். சேலத்தில் நர்ஸ் படிப்பு முடித்து, பாப்பிரெட்டிப்பட்டியின் சிறிய வைத்தியசாலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் பேனா, மடியில் நோட்டு. ஒரு கேள்விக்குப் பதில் வருமுன் அடுத்ததைக் கேட்டாள். சித்தேரி மலையிலிருந்து வயிற்றுப் பிள்ளையோடு இறங்கி வந்தவள், நாற்காலியின் நுனியைக்கூடத் தொடாமல் போய்விட்டாள்.

ஐப்பசியில் ஒரு கடுக்காய் வியாபாரி செய்தி கொண்டுவந்தார். சின்னக்காவுக்கு வலிப்பு கண்டு, பிள்ளை செத்துப் பிறந்ததாம். அவளும் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லையாம். வீங்கிய கால்களை அன்று அவள் புடவைக்குள் இழுத்துக்கொண்டது தெரசாவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த சந்தை நாளில் சின்னக்காவின் கணவன் மல்லையன் வந்து எதிர்ப் புளியமரத்தடியில் நின்றான். தெரசா ஓடிப்போய், "சொல்லுங்க, என்ன ஆச்சுங்க? இப்ப எப்படி இருக்காங்க?" என்று மூச்சு விடாமல் கேட்டாள். அவன் "சும்மா" என்றான். போய்விட்டான்.

மறு வாரம் அவனைப் போலவே பேசினால் பயம் தெளியும் என்று நினைத்து, மலைக்காரர்களின் இழுவையை நாக்கில் வரவழைத்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். மல்லையன் முகம் சுருங்கியது. சந்தையில் எத்தனை பேர் அப்படிப் பேசிக் காட்டிச் சிரித்திருப்பார்களோ! அன்றும் அவன் மலைப்பக்கம் திரும்பி நடந்துவிட்டான்.

"அவன் ஊமையாட்டம் நிக்கறான், நீ பித்துப் புடிச்சாப்பல நிக்கற. ரெண்டு பேருக்குமே மருந்து கலக்கட்டுமா?" என்றார் கம்பவுண்டர் இன்னாசி. அவள் சிரிக்கவில்லை. அந்தக் கடுக்காய் வியாபாரி மட்டும் மல்லையன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசியதை அவள் பார்த்திருந்தாள். அவர் தன் ஊர்ப் பேச்சைத்தான் பேசினார். ஆனால் 'ங்க' போடவில்லை. சரக்கைப் பற்றிப் பேச்சு எடுக்கவுமில்லை. பாதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார், அப்புறம் வெறுமனே இருப்பார். மல்லையன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டானோ, அவ்வளவு நேரம் அவரும் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது சந்தை நாள் வந்தது. தெரசா நோட்டையும் பேனாவையும் மேசையில் விட்டுவிட்டுப் போய், மரத்தடியில் ஓர் எட்டு தள்ளி மண்ணில் உட்கார்ந்தாள். முகத்துக்கு நேரே உட்காரவில்லை, அவன் பார்த்த பக்கமே தானும் பார்த்தாள். வெகு நேரம் கழித்து மல்லையனும் உட்கார்ந்தான்.

"பாதை வழுக்குதாண்ணா?"

ஒரு மாட்டு வண்டி வந்து, கடந்து, வளைவில் மறைந்தது.

"வழுக்குது" என்றான்.

மேலே கேட்கத் துடித்த வாயை அவள் அடக்கினாள். மலைமேல் ஒருத்தி கிடக்கிறாள், கேட்டுத் தொலையேன் என்று மனம் கத்தியது. அவன் முன்பு எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் காத்திருந்தாள்.

"சாமை கதிர் வாங்கிருச்சா?"

"வாங்கிச்சு. அறுக்க ஆளில்ல."

அதற்கு அவள் பதில் தேடவில்லை, தலையை மட்டும் அசைத்தாள். அவன் தோள் சற்றுத் தளர்ந்தது. தலைத்துண்டை அவிழ்த்து முழங்காலில் போட்டான். இந்த முறை அவள் கேட்காமலே அவன் பேசினான்.

"நீதான் அன்னிக்கு இருந்தவ."

"நான்தாண்ணா."

"காலு வீங்கினதும், கண்ணு மங்கினதும் சொல்லத்தான் வந்தா. நீ பேசினது யாரோ பெரிய வூட்டுப் பொம்பளைகிட்டப் பேசறாப்பல இருந்திச்சாம். நமக்கில்லன்னு வந்துட்டா."

தெரசா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. இப்போது அதைச் சொன்னால் இவன் பேச்சு அதோடு நின்றுவிடும். விழுங்கிக்கொண்டாள்.

"மருந்து கொண்டாரட்டுமாண்ணா?" என்றாள் மெல்ல.

"வேண்டாம். மூச்சு மட்டுந்தான் இருக்குது. ரெண்டு நாளா தண்ணியும் இறங்கல." துண்டின் ஓரத்தை விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். அவள் காத்திருந்தாள். "தான் சொல்லாததாலதான் புள்ள போச்சுன்னு செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கறா. மூணு சந்தையா உன்ன ஒண்ணு கேக்கத்தான் இறங்கறேன், வாய் வரல."

முதல் தடவையாக அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"மேல வா, தாயி. அவ பக்கத்துல இப்படி உக்காரு. அவ சொல்றதக் கேளு."