ரோலர் வந்த வழி

நாகர்கோவில் பாங்கிலிருந்து அக்காளுக்கு அறுநூறு ரூபாய் கடன் அனுமதியாகிவிட்டது என்று கடிதம் வந்த அன்று, சிலுவைதாசன் குலசேகரம் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டான். அவன் அக்காள் ஜெபகனி விதவை. அவளுடைய இரண்டு ஏக்கர் ரப்பர் மரங்களின் பாலை வியாபாரி முத்துநாயகம்தான் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ரோலரும் புகைப்புரையும் இருந்தால் பாலை உறையவைத்து ஷீட்டாக அடித்து, புகையில் உலர்த்தி நல்ல விலைக்கு விற்கலாம்.

பணம் வாங்கப் போன இருவரையும் பாங்கு ஏஜெண்ட் உட்காரச் சொன்னார்.

"இது அனுமதிதான் அம்மா. பணம் இல்லை. உங்கள் நிலம் முத்துநாயகத்திடம் இருநூற்றைம்பது ரூபாய்க்குப் பணயத்தில் இருக்கிறதே? கடன் தீர்ந்தது, நிலத்தில் பாத்தியம் இல்லை என்று அவர் ஒழிமுறி எழுதிப் பதிந்து தர வேண்டும். வேறு வில்லங்கம் இருக்கக்கூடாது. பிறகு நிலத்தை எங்கள் பேருக்குப் பணயம் எழுதிப் பதிய வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடியாவிட்டால் கடிதம் செல்லாது."

ஒழிமுறி கேட்டுப் போனபோது முத்துநாயகம் சிரித்தார். "ரூவாய வையி, ஒழிமுறி எழுதுதேன்."

பாங்கோ ஒழிமுறி இல்லாமல் ரூபாய் தராது. அவருக்கு அது தெரியும். தன் பணயத்தின் கெடு தாண்டினால் நிலமே தன் கைக்கு வரும் என்று காத்திருந்தார்.

"போச்சுது அக்கா," என்றான் சிலுவைதாசன்.

"சும்மா கெடலே," என்ற ஜெபகனி மறுநாளே பாங்குக்கு பஸ் ஏறினாள்.

"எனக்குத் தரப்போற பணத்துலதானே அவரு கடனும் தீரணும்? அந்த இருநூத்தம்பத எங்கையில தராண்டாம். ரிஜிஸ்தர் கச்சேரிக்கு நீங்களே கொண்டு வாருங்க. அவரு ஒழிமுறியில ஒப்பு வைக்கட்டும், நான் ஒங்க பணயத்துல வைக்கேன். ரெண்டும் பதிஞ்சப்பொறவு அவருக்குக் குடுங்க."

ஏஜெண்ட் அதைக் குறித்துக்கொண்டார். "தலைமை ஆபீசுக்கு எழுதிக் கேட்கிறேன்."

சம்மதம் வந்தது. முத்துநாயகத்துக்கோ திடீரென்று காய்ச்சல் வந்தது. பிறகு ஏதோ கல்யாணம். ஜெபகனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாள்: குறித்த நாளில் வராவிட்டால் பணம் கோர்ட்டில் கட்டப்படும், செலவும் அவர் தலையில்.

அந்த நாளில் அவர் கச்சேரி வாசலில் நின்றார். பையை மடியில் வைத்து ஏஜெண்ட் காத்திருக்க, முதலில் ஒழிமுறி, அடுத்துப் புதுப் பணயம், இரண்டும் பதிவாயின. பழைய பணயப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, ரூபாயை எண்ணி வாங்கும்போது முத்துநாயகம் நிமிரவேயில்லை.

பதிந்த பத்திரமும் வில்லங்கச் சான்றும் பாங்குக்குப் போய்ச் சேர்ந்ததும் மீதி முன்னூற்றைம்பது ஜெபகனியின் கைக்கு வந்தது. அவள் நேரே ரோலர் கடைக்குப் போனாள்.

முதல் ஷீட் ரோலரிலிருந்து வெள்ளையாய் இறங்கியபோது சிலுவைதாசன் கூவினான். பக்கத்துத் தோட்டத்துப் பூங்கனி பால் வாளியோடு வந்து, "எனக்கும் அடிச்சுத் தருவியா மக்கா?" என்று கேட்டாள்.

"வையி ஏட்டி," என்று ஜெபகனி கைப்பிடியைச் சுற்றினாள்.